புள்ளி புழுவுடையது, வளையம் நம்முடையது

வலிப்பு வந்தவரின் தலையை சி.டி. ஸ்கேன் எடுக்கும்போது, சில படங்களில் மூளையின் மேற்பரப்பை ஒட்டி ஒரு சின்ன வளையம் தெரியும். அதன் குறுக்களவு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று முன்பின் இருக்கும். வளையத்துக்குள், நடுவில் இல்லாமல் ஓரத்தை ஒட்டினாற்போல் ஒரு வெள்ளைப் புள்ளி. ஸ்கேன் ரிப்போர்ட்டில் இதற்கு ஒரு வரிதான் ஒதுக்கியிருப்பார்கள். ஆனால் அந்தப் புள்ளி தெளிவாகத் தெரிந்துவிட்டால் நரம்பியல் மருத்துவருக்கு நோயைப் பற்றிய சந்தேகம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். அது பன்றி நாடாப்புழுவின் இளம்பருவத் தலை. நோயின் பெயர் நியூரோசிஸ்டிசெர்கோசிஸ்.

மூளையில் புழு என்றதும், அது உள்ளே நெளிந்து மூளையைத் தின்கிறது, அதனால்தான் வலிப்பு வருகிறது என்று மனம் தானாகவே ஒரு கதை கட்டிக்கொள்ளும். உண்மையில் இந்தப் புழு நெளிவதில்லை, மூளையைத் தின்பதும் இல்லை. ஒரு நீர்ப்பைக்குள் தலையை உள்ளிழுத்துக்கொண்டு பல ஆண்டுகள் சும்மா கிடக்கிறது. நல்ல உயிரோடு இருக்கும்வரை பெரும்பாலும் தொந்தரவு தருவதில்லை. அது சாகத் தொடங்கும்போதுதான் நம் உடல் அதைக் கண்டுகொள்கிறது. ஸ்கேனில் பளிச்சென்று தெரியும் அந்த வளையம் நம் உடல் அப்போது நடத்தும் தாக்குதலின் தடம். வலிப்பும் பெரும்பாலும் அந்தத் தாக்குதலிலிருந்தே வருகிறது. புள்ளி புழுவுடையது, வளையம் நம்முடையது என்ற இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால், ஸ்கேனில் என்ன தெரிகிறது, வலிப்பு ஏன் வருகிறது, மருந்தை ஏன் ஒரு குறிப்பிட்ட வரிசையில் கொடுக்கிறார்கள் என்ற மூன்றும் விளங்கிவிடும்.

கறி சாப்பிடாதவருக்கு எப்படி?

டீனியா சோலியம் என்ற இந்தப் புழுவின் வாழ்க்கை மனிதருக்கும் பன்றிக்கும் இடையே நடக்கிறது. வளர்ந்த புழு மனிதரின் சிறுகுடலில் மட்டுமே வாழும். இரண்டு முதல் நான்கு மீட்டர் வரை, சில சமயம் அதற்கு மேலும் நீளும் நாடா அது. அதன் கடைசிக் கண்ணிகள் முட்டைகளால் நிரம்பிக் கழன்று மலத்தோடு வெளியேறும். ஒரு கண்ணியில் மட்டும் சுமார் 50,000 முட்டைகள்வரை இருக்கலாம். திறந்த வெளியில் கிடக்கும் மலத்தைப் பன்றி தின்றால், அந்த முட்டைகளிலிருந்து வரும் இளம்புழுக்கள் அதன் தசைகளில் நீர்ப்பைகளாகத் தங்கும். அந்தக் கறியைச் சரியாக வேகவைக்காமல் சாப்பிடுபவரின் குடலில் நீர்ப்பையிலிருந்து தலை வெளியே நீண்டு குடல் சுவரில் ஒட்டிக்கொண்டு, மறுபடியும் நாடாவாக வளரும்.

இங்கே ஒரு குழப்பம் எப்போதும் வருகிறது. வேகாத பன்றிக்கறியைத் தின்பவருக்கு வருவது குடல் நாடாப்புழு. மூளைக்குப் போகும் நோய் அந்தக் கறியால் வருவதல்ல. புழுவின் முட்டையை விழுங்குவதால் வருவது. குடலில் புழு வைத்திருப்பவர் மலம் கழித்துவிட்டுக் கையைச் சரியாகக் கழுவாமல் சமைத்தால், பரிமாறினால், அந்த முட்டை அடுத்தவரின் வாய்க்குப் போகும். மனிதரின் மலம் கலந்த தண்ணீரும், அந்தத் தண்ணீர் பாய்ந்த பச்சைக் காய்கறியும் இன்னொரு வழி. முட்டையை விழுங்கியவரின் உடல் அந்தப் புழுவுக்குப் பன்றியின் உடலாகிவிடுகிறது. முட்டைக்குள் இருக்கும் ஆறு கொக்கிகள் கொண்ட நுண்ணிய கரு குடலில் வெளிவந்து, குடல் சுவரைத் துளைத்து இரத்தத்தில் கலந்து, தசை, கண், தோலடி, மூளை என்று எங்காவது போய்த் தங்கும். இரண்டு மூன்று மாதங்களில் அது நீர்ப்பையாக வளர்ந்துவிடும்.

ஆகவே வாழ்நாளில் பன்றிக்கறியைத் தொடாதவர்களுக்கும் இது வரும். இதற்கு மருத்துவ உலகில் அடிக்கடி காட்டப்படும் சான்று நியூயார்க்கிலிருந்து வந்தது. பன்றிக்கறியைச் சமயக் கட்டுப்பாடாகவே விலக்கிய ஆச்சாரமான யூதக் குடும்பங்களைச் சேர்ந்த நால்வருக்கு இந்த நோய் இருந்ததை 1992-ல் வெளிவந்த ஆய்வு விவரித்தது. இந்த நோய் பரவலாக உள்ள லத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்து அண்மையில் வந்திருந்த பணியாளர்கள் அந்த வீடுகளில் வேலை செய்தார்கள். அவர்களுள் ஒருவருக்குக் குடலில் புழு இருந்தது பரிசோதனையில் தெரிந்தது. நம் ஊரில் முட்டைக்கோஸ்மீது விழும் பழியும் இதேபோலப் பாதி உண்மைதான். பச்சையாகத் தின்னும் எந்தக் காய்கறியிலும் முட்டை ஒட்டியிருக்கலாம். வேகவைத்த கோஸில் அந்த ஆபத்து இல்லை. காய்கறியைவிடப் பெரிய ஆபத்து, குடலில் புழுவோடு கூடவே வாழும் ஒரு மனிதர்.

நான்கு பருவம், நான்கு படம்

மூளைக்குள் வந்த இளம்புழு பிறந்து, இருந்து, இறந்து, வடுவாக மாறுவதுவரை நான்கு பருவங்களாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஸ்கேனில் ஒரு முகம் உண்டு.

முதல் பருவத்தில் புழு நல்ல உயிரோடு இருக்கிறது. பைக்குள் இருக்கும் நீர் தெளிவானது. அடர்த்தியில் மூளையைச் சுற்றியுள்ள நீரைப் போன்றதே. ஆகவே சி.டி.யில் அது கறுப்பு வட்டமாகத் தெரியும். உள்ளே ஓரத்தில் இரண்டு முதல் நான்கு மில்லிமீட்டர் அளவில் வெள்ளைப் புள்ளி. அதுதான் ஸ்கோலெக்ஸ் என்ற தலை. பையின் சுவர் மிக மெல்லியது. நரம்பு வழியாக, அதாவது கை இரத்தக்குழாய் வழியாக, கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றினாலும் அது பளிச்சிடாது. சுற்றிலும் வீக்கம் இருக்காது.

இரண்டாம் பருவத்தில் புழு தளர்கிறது. பைக்குள் இருக்கும் நீர் கலங்கிக் கூழாகிறது, சுவர் தடிக்கிறது. உடலின் எதிர்ப்பு அணுக்கள் சுற்றி வளைக்கின்றன. இப்போது கான்ட்ராஸ்ட் ஏற்றிப் படம் எடுத்தால் பையின் விளிம்பு வெள்ளை வளையமாக ஒளிரும். வெளியே வீங்கிய மூளை மங்கலான கறுப்பாகப் பரவியிருக்கும். தலைப் புள்ளி இன்னும் கரையாமல் இருந்தால், வளையத்துக்குள் புள்ளி என்ற அந்தப் படம் கிடைக்கும்.

மூன்றாம் பருவத்தில் பை சுருங்கி, புள்ளி கரைந்து, வளையம் சின்ன முடிச்சாகிவிடும். நான்காம் பருவத்தில் அந்த இடத்தில் சுண்ணாம்பு படிந்து, ஓரிரு மில்லிமீட்டர் வெள்ளைத் துகளாக நின்றுவிடும். இந்தத் துகளையும் தலைப் புள்ளியையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. கறுப்புப் பைக்குள் இருக்கும் புள்ளி புழுவின் தலை. பையே இல்லாமல் மூளையில் தனியாக நிற்கும் வெள்ளைப் புள்ளி புழு செத்துப்போனதன் தழும்பு. முன்னதற்குப் புழுவைக் கொல்லும் மருந்து பயன்படலாம். பின்னதில் கொல்வதற்குப் புழுவே இல்லை.

புள்ளி ஏன் அவ்வளவு முக்கியம்? ஈக்வடார் நரம்பியல் மருத்துவர் ஆஸ்கர் டெல் ப்ருட்டோவும் பிற நிபுணர்களும் வகுத்து, பின்னர் திருத்தியமைத்த நோயறி விதிகளில், பைக்குள் தலை தெரிவது முழுமையான சான்றுகளுள் ஒன்று. அது இருந்தால் வேறு பரிசோதனை துணைக்கு வேண்டியதில்லை. வளையம் மட்டும் தெரிந்தால் அப்படிச் சொல்ல முடியாது. காசநோய்க் கட்டி, சீழ்க்கட்டி, வேறு உறுப்பிலிருந்து பரவிய புற்றுநோய் ஆகியவையும் வளையமாகத் தெரியும். எந்த இடத்தில் உடல் எதிர்த்துச் சண்டை போட்டாலும், அங்கே வளையம் வரக்கூடும்.

புள்ளி இருந்தும் படத்தில் தெரியாமல் போவதும் உண்டு. சி.டி. கருவி தலையைத் துண்டு துண்டாகப் படம் பிடிக்கிறது. ஒவ்வொரு துண்டுக்குள்ளும் இருக்கும் அடர்த்தியின் சராசரியைத்தான் திரையில் காட்டும். பத்து மில்லிமீட்டர் தடிமனில் எடுத்தால், இரண்டு மில்லிமீட்டர் புள்ளி சுற்றியுள்ள நீரோடு சேர்ந்து சராசரியில் கரைந்துவிடும். மெல்லிய துண்டுகளாக எடுத்தால் அதே தலையில் அதே புள்ளி எழுந்து நிற்கும். எம்.ஆர்.ஐ. இதில் இன்னும் கூர்மையானது. ஆனால் சுண்ணாம்புத் தழும்பைக் காட்டுவதில் சி.டி.யே மேல். அதனால்தான் சிலருக்கு இரண்டையும் எடுக்கச் சொல்கிறார்கள்.

ஒரு மாதிரி நோயாளி

இந்த நோய் வழக்கமாக எப்படி வெளிப்படும் என்பதைக் காட்ட ஒரு மாதிரியை எடுத்துக்கொள்வோம். இவர் குறிப்பிட்ட ஒருவர் அல்ல. மருத்துவமனைகளில் திரும்பத் திரும்பப் பார்க்கும் விவரங்களைச் சேர்த்து உருவாக்கியவர். வேலூர்ப் பக்கம் 19 வயதுக் கல்லூரி மாணவர், எடை 50 கிலோ. ஒருநாள் காலை பல் துலக்கும்போது வலது கைக் கட்டைவிரல் தானாகத் துடிக்கிறது. துடிப்பு கைக்கு ஏறி, முழங்கைக்கு ஏறி, வாயின் வலது ஓரத்தை இழுக்கிறது. பிறகு நினைவு தப்பி உடம்பு முழுக்க வெட்டி இழுக்கிறது. வீட்டார் ஓடிவந்து கையில் சாவிக்கொத்தைத் திணிக்கிறார்கள். இரண்டு நிமிடத்தில் வலிப்பு நிற்கிறது. சாவியால் நின்றதாக வீட்டார் நினைக்கிறார்கள்; பெரும்பாலான வலிப்புகள் இரண்டு மூன்று நிமிடத்தில் தாமாகவே நின்றுவிடும். பிறகு சில மணி நேரம் வலது கை சோர்ந்து கிடக்கிறது.

துடிப்பு வலது கட்டைவிரலில் தொடங்கியதை வைத்தே மருத்துவர் இடத்தைக் கணித்துவிடுகிறார். வலது கையை இயக்குவது இடது மூளையின் மேற்பரப்பு. கோளாறு அங்கேதான் இருக்க வேண்டும். கான்ட்ராஸ்ட் இல்லாத ஸ்கேனில் அந்த இடத்தில் மங்கலான வீக்கம் மட்டும் தெரிகிறது. கான்ட்ராஸ்ட் ஏற்றியதும் 9 மில்லிமீட்டர் வளையம் ஒளிர்கிறது. மெல்லிய துண்டுகளில் அதன் ஓரத்தில் புள்ளி. இரண்டாம் பருவம்.

“நாங்க கறியே சாப்பிடறதில்லைங்க டாக்டர். இவனுக்கு எப்படிங்க?” என்கிறார் அம்மா.

“கறியால வர்றதில்லைங்கம்மா. யாரோ ஒருத்தர் வயித்துல இருந்த புழுவோட முட்டை, கையிலயோ தண்ணியிலயோ ஒட்டி இவர் வாய்க்குப் போயிருக்கு. எப்பப் போச்சுன்னு சொல்ல முடியாது. சில வருஷம் முன்னாடிகூட இருக்கலாம்.”

சில வருஷம் என்று மருத்துவர் சொல்வதற்குப் பழைய ஆதாரம் உண்டு. பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் இந்தியாவில் பணியாற்றித் தாயகம் திரும்பிய ராணுவ வீரர்கள் பலருக்கு அங்கே போன பிறகு வலிப்பு தொடங்கியது. அவர்களைப் பெரும்பாலாகக் கொண்ட 450 நோயாளிகளின் விவரங்களை டிக்சன், லிப்ஸ்கோம்ப் என்ற இருவர் 1961-ல் தொகுத்து வெளியிட்டார்கள். தொற்று ஏற்பட்டிருக்கக்கூடிய காலத்துக்கும் முதல் வலிப்புக்கும் இடையே பெரும்பாலோருக்குப் பல ஆண்டுகள் கழிந்திருந்தன. புழுவின் வருகைதான் வலிப்புக்குக் காரணம் என்றால், வந்தவுடன் வலிப்பு வந்திருக்க வேண்டும். இந்த நீண்ட அமைதிக்கு விளக்கம் தேவைப்பட்டது.

வேலூர் தீர்த்துவைத்த வழக்கு

மாணவரின் படத்தில் புள்ளி தெரிந்தது அவருடைய நல்ல காலம். இந்தியாவில் வலிப்போடு வருபவர்களிடம் மிகவும் சாதாரணமாகக் காணப்படுவது, புள்ளி கரைந்துபோய் ஒற்றை வளையமோ முடிச்சோ மட்டும் தெரியும் படம்தான். 1980-களில் சி.டி. கருவிகள் இந்திய நகரங்களில் பரவியபோது இந்தப் படம் அடிக்கடி கண்ணில் பட்டது. காசநோய் மலிந்த நாடு என்பதால் மருத்துவர்கள் பலர் அதைக் காசநோய்க் கட்டி என்று எண்ணி, மாதக்கணக்கில் காசநோய் மருந்து கொடுத்தார்கள். சில மாதம் கழித்து மறுபடி படம் எடுத்தால் கட்டி மறைந்திருக்கும். மருந்து வேலை செய்ததால் நோய் காசநோய்தான் என்று முடிவு கட்டுவது எளிதாக இருந்தது.

அந்தத் தர்க்கத்தில் ஓட்டை இருந்தது. வலிப்பு மருந்து மட்டும் சாப்பிட்டவர்களுக்கும் அதே கட்டி மறைந்துகொண்டிருந்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் நரம்பு அறுவை மருத்துவர்கள் மேத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் ஆகியோர் இத்தகைய கட்டிகளை எடுத்துச் சோதித்தார்கள். உள்ளே நாடாப்புழுவின் இளம்பருவ எச்சங்கள் இருந்தன. 1989-ல் லான்செட் இதழில் இது வெளிவந்தது. இந்திய நோயாளிகளிடம் காணும் சிறிய ஒற்றைக் கட்டிகளில் பெரும்பாலானவை சாகும் புழு என்ற புரிதல் இதன் பின்னரே உறுதிப்பட்டது. தானாக மறையும் ஒன்றுக்கு எந்த மருந்து கொடுத்தாலும் அந்த மருந்துக்குப் பெயர் கிடைத்துவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

ஒவ்வொருவர் தலையையும் திறந்து பார்க்க முடியாது. அதனால் புள்ளி தெரியாத வளையத்தைப் பிரித்தறிய வேலூர்க் குழுவினர் எளிய விதிகளை வகுத்தார்கள். கட்டி ஒன்றே ஒன்றாக, 20 மில்லிமீட்டருக்கு மேற்படாமல் இருக்க வேண்டும். சுற்றியுள்ள வீக்கம் மூளையின் நடுக்கோட்டை ஒருபக்கமாகத் தள்ளியிருக்கக் கூடாது. நோயாளி வலிப்போடு வந்திருக்க வேண்டும். தலைக்குள் அழுத்தம் கூடிய அறிகுறி, நாளுக்கு நாள் கூடும் கைகால் பலவீனம், உடலில் வேறிடத்தில் தீவிர நோய் ஆகியவை இருக்கக் கூடாது. கட்டி இதைவிடப் பெரியதாக, விளிம்பு ஒழுங்கற்றதாக, மூளையைத் தள்ளுவதாக இருந்தால் காசநோய்ப் பக்கம் சந்தேகம் திரும்பும். முடிவில்லாமல் தோன்றினால் சில வாரம் கழித்து மறுபடி படம் எடுப்பார்கள். சாகும் புழு சுருங்கும். சுருங்காமல் வளர்வது வேறு எதுவோ.

இரத்தப் பரிசோதனை இங்கே அவ்வளவாகக் கைகொடுப்பதில்லை. புழுவுக்கு எதிரான புரதங்களைத் தேடும் சோதனை, பல கட்டிகள் இருப்பவரிடம் நன்றாக வேலை செய்யும். ஒரே கட்டி, அதுவும் தளர்ந்துபோன கட்டி இருப்பவர்களில் கணிசமான பேருக்கு ‘இல்லை’ என்றே காட்டும். ஆகவே இரத்த ரிப்போர்ட்டில் ஒன்றும் இல்லை என்பதை வைத்து ஸ்கேனைத் தள்ளிவிடக் கூடாது.

வலிப்பு எங்கே பிறக்கிறது

உயிரோடு இருக்கும் இளம்புழு நம் எதிர்ப்பு மண்டலத்திடமிருந்து ஒளிந்துகொள்வதில் தேர்ந்தது. அது சுரக்கும் சில பொருட்கள், அயல் உயிரைத் தாக்கும் இரத்தப் புரதங்களை முடக்குகின்றன. அதனால் அந்த இடத்தில் அழற்சி அடங்கிக் கிடக்கிறது. புழு தளர்ந்ததும் இந்தச் சுரப்பு குறைகிறது. சுவர் கசிந்து, இதுவரை மறைந்திருந்த புழுவின் புரதங்கள் வெளியே வருகின்றன. உடல் முதல் தடவையாக அந்நியனைப் பார்க்கிறது.

அடுத்து நடப்பதைத்தான் ஸ்கேன் காட்டுகிறது. மூளையின் இரத்தக்குழாய்களுக்கு மற்ற உறுப்புகளில் இல்லாத இறுக்கம் உண்டு; கண்டதையும் மூளைக்குள் விடாது. அழற்சியில் அந்த இறுக்கம் தளர்கிறது. ஏற்றிய கான்ட்ராஸ்ட் மருந்து அந்த வழியே கசிந்து விளிம்பில் தேங்குவதால் வளையம் ஒளிர்கிறது. கான்ட்ராஸ்ட் கசியும் அதே வழியில் இரத்தத்தின் நீரும் அல்புமின் போன்ற புரதங்களும் கசிகின்றன. அதுதான் வளையத்துக்கு வெளியே தெரியும் வீக்கம். நரம்பணுக்களைச் சுற்றியுள்ள உப்புகளைச் சமன்செய்யும் துணை அணுக்கள் இந்தப் புரதத்தால் தடுமாறுகின்றன. நரம்பணுக்களைத் தூண்டும் சக்திக்கும் அடக்கும் சக்திக்கும் எப்போதும் இருக்கும் சமநிலை குலைகிறது. அவை கட்டுக்கடங்காமல் ஒரே நேரத்தில் மின்துடிப்பு விடுகின்றன. அந்தத் துடிப்பு அக்கம்பக்கம் பரவும்போது கட்டைவிரலில் தொடங்கிய துடிப்பு கைக்கும் முகத்துக்கும் ஏறுகிறது.

கட்டி எங்கே உட்காருகிறது என்பதும் வினையைக் கூட்டுகிறது. இரத்தத்தில் வரும் கரு, குழாய்கள் மெலிந்து நுண்குழாய்களாகும் இடத்தில் சிக்கும். மூளையில் அது மேற்பரப்புச் சாம்பல் நிறப் பகுதியும் உள்ளேயுள்ள வெண்பகுதியும் சேரும் எல்லை. வலிப்பு பிறக்கும் நரம்பணுக்கள் நெருக்கமாக இருக்கும் இடமும் அதுதான். ஆழத்தில், மூளையின் நீரறைகளில் தங்கும் பைகள் வலிப்பைவிட நீரோட்டத்தை அடைத்துத் தலைவலியும் வாந்தியும் தருவதற்கு இதுவே காரணம்.

அழற்சி எந்தப் பொருளால் வலிப்பைத் தூண்டுகிறது? அமெரிக்காவின் ஹூஸ்டன் நகர பேய்லர் மருத்துவக் கல்லூரியினர் 2012-ல் ஒரு விடை சொன்னார்கள். நாடாப்புழு இனத்தின் இளம்புழுவைச் சுண்டெலிகளின் உடலில் புகுத்தி, அதைச் சுற்றி உருவான அழற்சிக் கட்டியின் சாற்றை எலிகளின் மூளையில் செலுத்தினார்கள். எலிகளுக்கு வலிப்பு வந்தது. சப்ஸ்டன்ஸ் பி என்ற நரம்புப் பொருளை உருவாக்க முடியாத சுண்டெலிகளிடமிருந்து எடுத்த சாற்றால் வலிப்பு வரவில்லை. இந்த நோயால் பாதிக்கப்பட்டு இறந்தவர்களின் மூளையில் கட்டிகளைச் சுற்றியுள்ள அணுக்களிலும் இந்தப் பொருள் இருந்தது. அதாவது வலிப்பைத் தூண்டும் பொருளை உருவாக்கியது புழு அல்ல, புழுவை எதிர்த்த உடல். எனினும் புழு முற்றிலும் நிரபராதி என்று சொல்லிவிட முடியாது. இளம்புழுவின் உடலில் குளூட்டமேட் என்ற தூண்டும் பொருள் உள்ளதையும், அது நரம்பணுக்களை நேராகவே உசுப்பக்கூடும் என்பதையும் தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். உயிருள்ள பைகளே சிலருக்கு வலிப்பு தருவதை இது விளக்கலாம்.

மருந்துக்கு ஏன் வரிசை

வலிப்பு அழற்சியால் வருகிறது என்று தெரிந்தால், புழுவைக் கொல்ல அவசரப்படுவது ஏன் ஆபத்து என்பதும் தெரியும். புழு செத்தால் அழற்சி கூடும். முன்னேற்பாடு இல்லாமல் அல்பெண்டசோல் கொடுத்தால் சில நாட்களில் தலைவலியும் வலிப்பும் அதிகமாகலாம். ஆகவே முதலில் வலிப்பை அடக்கும் மருந்து. அடுத்து அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு. அது வேலை செய்யத் தொடங்கிய பிறகே புழுக்கொல்லி.

நம் மாதிரி மாணவருக்கு, கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்ற கணக்கில் நாளைக்கு 750 மில்லிகிராம் வரும். நடைமுறையில் 400 மில்லிகிராம் மாத்திரை காலை, இரவு என இரண்டு வேளை, 10 முதல் 14 நாள்வரை கொடுப்பார்கள். கொழுப்புள்ள உணவோடு சாப்பிட்டால்தான் இந்த மருந்து நன்றாக இரத்தத்தில் சேரும். தொடங்கும் முன் கண்ணின் உட்புறத்தைப் பார்ப்பார்கள். அங்கே ஒரு பை இருந்து மருந்தால் வெடித்து அழற்சி வந்தால் பார்வை போகலாம். பல பைகள் இருப்பவருக்கு இன்னொரு புழுக்கொல்லியையும் சேர்ப்பது உண்டு. மூளை முழுதும் நூற்றுக்கணக்கான பைகள் அழன்று வீங்கியிருந்தால் புழுக்கொல்லியே கொடுப்பதில்லை. எல்லாம் ஒன்றாகச் செத்தால் வரும் வீக்கம் உயிரைப் பறித்துவிடும். ஸ்டீராய்டு மட்டும்தான். மருந்துக்கடையில் கிடைக்கும் பூச்சிமருந்துதானே என்று இதைத் தாமாக வாங்கிச் சாப்பிடக் கூடாது என்பதற்கு இது போதுமான காரணம்.

ஒற்றைக் கட்டி மருந்தில்லாமலும் பெரும்பாலும் சில மாதங்களில் மறையும். புழுக்கொல்லி அதைச் சற்று விரைவுபடுத்துகிறது. ஆறு மாதம் போலக் கழித்து மறு ஸ்கேன். வளையம் தடமில்லாமல் மறைந்து, இடையில் வலிப்பும் வராமல் இருந்தால், வலிப்பு மருந்தை மெல்லக் குறைத்து நிறுத்தும் வாய்ப்பு நல்லது. சுண்ணாம்புத் தழும்பாக நின்றுவிட்டால் மருந்து இன்னும் நீண்ட காலம் தேவைப்படும். செத்துப்போன தழும்பும் சும்மா இருப்பதில்லை. சுண்ணாம்புக்குள் சிக்கிய புழுப் புரதம் அவ்வப்போது வெளிப்பட்டால் உடல் மறுபடி தாக்கும். தழும்பு மட்டுமே உள்ளவர்களுக்கு வலிப்பு திரும்பியபோது, பெருவில் நடந்த ஆய்வில் சுமார் பாதிப் பேருக்குத் தழும்பைச் சுற்றிப் புதிய வீக்கம் இருந்தது. சுண்ணாம்பு படிந்துவிட்டது, இனி மருந்தை நிறுத்தலாம் என்று நோயாளி தாமாக முடிவு செய்துவிட்டால் அங்கேதான் வலிப்பு திரும்பி வருகிறது.

அனுப்பிய புழு எங்கே?

வேலூர் வட்டாரத்தில் வலிப்பு நோயாளிகளைத் தேடிச் சென்று ஸ்கேன் செய்த ஆய்வில், ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இந்தப் புழுவே காரணமாக இருந்தது. ஆனால் மாணவரின் மூளையில் இருக்கும் புழு யாருக்கும் பரவாது. அது முட்டையிடுவதில்லை, வளர்வதும் இல்லை. பரப்புகிற புழு வேறொருவரின் குடலில் இருக்கிறது. அந்த ஒருவருக்கு உடம்பில் எந்தத் தொந்தரவும் இல்லாமல் இருக்கலாம். மலத்தில் தட்டையான வெள்ளைத் துண்டு எப்போதாவது தென்பட்டிருக்கலாம். அதையும் கவனிக்காமல் விட்டிருக்கலாம்.

எனவே ஒருவருக்கு ஸ்கேனில் இந்தப் புள்ளி தெரிந்தால், வீட்டில் உள்ளவர்களும் தொடர்ந்து சமைத்துப் பரிமாறுகிறவரும் நோயாளியும் மலப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. சாதாரண நுண்ணோக்கிச் சோதனையில் முட்டை தப்பிவிடுவது சகஜம். ஒன்றுக்கு மேற்பட்ட நாள் கொடுத்துப் பார்க்க வேண்டும். புழு இருப்பது தெரிந்தால் நிக்லோசமைட் பெரியவருக்கு ஒரே வேளையில் 2 கிராம் போதும். இந்த மருந்து குடலிலிருந்து இரத்தத்துக்குப் போவதில்லை. அதனால் அவருடைய மூளையிலேயே தெரியாமல் ஒரு பை இருந்தாலும், அதைக் கிளறி வலிப்பை வரவழைக்காது. ஸ்கேன் அறையில் தொடங்கிய விசாரணையை அந்த வீட்டுச் சமையலறைவரை கொண்டுபோனால்தான், அடுத்த முட்டை இன்னொருவர் வாய்க்குப் போகாமல் இருக்கும்.